தளச் சுமைச் சோதனை

தளச் சுமைச் சோதனை என்பது, வலிமை குறித்து ஐயம் எழுந்துள்ள வலுவூட்டிய கான்கிரீட் தளத்தின் மீது உண்மையான சுமையை ஏற்றி, அதன் தொய்வையும் சுமை நீக்கிய பின் ஏற்படும் மீட்சியையும் அளந்து, தளத்தை ஏற்கலாமா என முடிவு செய்யும் முறையாகும். கனசதுர மாதிரிகளின் வலிமை குறைவாக இருத்தல், கம்பிகள் இடம் மாறியிருத்தல் போன்றவை இத்தகைய ஐயத்துக்குக் காரணமாகலாம். இந்தியாவில் இச்சோதனைக்கான விதிகள் IS 456:2000 தரநூலில் தரப்பட்டுள்ளன.

செய்முறை

கான்கிரீட் இட்டு 28 நாட்கள் கடந்த பின்னரே சோதனை செய்யப்படுகிறது. தளத்தின் கீழே பாதுகாப்புக்காக முட்டுகள் நிறுத்தப்படும். தளம் தொய்யும்போது அவற்றில் படியாதவாறு போதிய இடைவெளி விடப்படும். தொய்வை அளக்கும் டயல் கேஜ்கள், சோதிக்கப்படும் தளத்தோடு தொடர்பில்லாத தாங்கிகளில் பொருத்தப்படும்.

தரைப்பூச்சு இன்னும் இடப்படவில்லையெனில் அதற்கு ஈடான எடை முதலில் வைக்கப்படும். அது நிலைச்சுமையைச் சேர்ந்தது என்பதால், அதன் பின்னரே தொடக்க அளவு குறிக்கப்படும். பின்னர் பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கு படிப்படியாக ஏற்றப்பட்டு, 24 மணிநேரம் வைக்கப்பட்டு, நீக்கப்படும். மேலும் 24 மணிநேரம் கழித்து எஞ்சிய தொய்வு அளக்கப்படும்.

ஏற்பு வரையறைகள்

பெருமத் தொய்வு (மி.மீ.) 40 l²/D என்ற அளவுக்குக் குறைவாக இருந்தால் மீட்சியை அளக்கத் தேவையில்லை. இங்கு l என்பது மீட்டரில் செயல்படு தாங்கிடை நீளம். D என்பது மில்லிமீட்டரில் தளத்தின் மொத்தத் தடிமன். தொய்வு இவ்வளவை எட்டினால், அதில் குறைந்தது 75% மீள வேண்டும். மீளாவிடில், 72 மணிநேரத்துக்குப் பின் சோதனையை மீண்டும் செய்யலாம். அப்போது மீட்சி 80%க்குக் குறைந்தால் தளம் ஏற்கத்தக்கதன்று.

எடுத்துக்காட்டு

தாங்கிடை நீளம் 4 மீ., தடிமன் 125 மி.மீ., பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் எனக் கொள்வோம். ஏற்ற வேண்டிய சுமை 3.75 கிலோநியூட்டன், இது ஏறத்தாழ 38 செ.மீ. ஆழ நீருக்குச் சமம். தொய்வு எல்லை 40 × 16 / 125 = 5.12 மி.மீ.

24 மணிநேர முடிவில் தொய்வு 6.40 மி.மீ. எனில் மீட்சியை அளந்தாக வேண்டும். எஞ்சிய தொய்வு 1.80 மி.மீ. எனில், மீண்டது 4.60 மி.மீ., அதாவது 72%. இது போதாது. மறுசோதனையில், புதிய தொடக்க அளவிலிருந்து தொய்வு 5.60 மி.மீ., எஞ்சியது 0.90 மி.மீ. எனில் மீட்சி 84%; தளம் ஏற்கப்படும். முதற்சுமையில் புதிதாக விரிசல்கள் தோன்றுவதும் தாங்கிகள் படிவதும் மீளாத் தொய்வின் ஒரு பகுதியாகும். அவை மறுமுறை பெரிதும் நிகழா என்பதாலேயே இரண்டாவது வாய்ப்பு தரப்படுகிறது.

பிழைகளும் வரம்புகளும்

மணல் மூட்டைகளை நெருக்கி அடுக்கினால், அவை வளைவு போல் ஒன்றையொன்று தாங்கி, எடையைத் தளத்தின் ஓரங்களுக்குக் கடத்திவிடும். நடுவில் சுமை குறைவதால் வலுவற்ற தளமும் தேறியதாகத் தோன்றும். எனவே அடுக்குகளுக்கிடையே இடைவெளி விட வேண்டும். வெயில் படும் கூரைத் தளம் வெப்பத்தாலும் வளையும் என்பதால், அளவுகளை நாளின் ஒரே நேரத்தில் எடுப்பது நன்று.

இச்சோதனை, சோதனை நாளன்று தளம் வளைவைத் தாங்கும் திறனை மட்டுமே காட்டுகிறது. பின்னாளில் கம்பிகள் துருப்பிடிப்பதால் நேரக்கூடிய வலிமை இழப்பை இதனால் அறிய இயலாது.