தையல் கடைக்குப் பெயர்: பலகையில் அல்ல, லேபிளில் தொடங்குங்கள்

கேமரன் மலையில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஒன்று உண்டு: போ. 1929-இல் ஜே.ஏ. ரசல் தொடங்கிய தோட்டத்தின் பெயர் அது. தேயிலைப் பொட்டலத்தின் மூலையில் போட்டாலும், தோட்ட நுழைவாயிலில் ஆளுயரத்துக்குப் போட்டாலும் அந்த மூன்று ரோமன் எழுத்துகள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் ரவிக்கையும் பஞ்சாபி உடையும் தைத்துக்கொண்டிருந்தவர்கள் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ கடை போடும்போது சந்திக்கும் சிக்கலும் இதுதான். ஒரே பெயர் மூன்று இடங்களில் வர வேண்டும்: துணியில் தைக்கும் லேபிள், பில் புத்தகம், கடைப் பலகை.

பலரும் பலகையை மனத்தில் வைத்துப் பெயர் தேடுகிறார்கள். அங்கே இடம் தாராளமாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் லேபிளில் அடங்கும் பெயர் மற்ற இரண்டிலும் அடங்கிவிடும். பலகைக்காக வைத்த பெயர் லேபிளில் அடங்குவது அரிது.

நெய்த லேபிள் ஒன்று 50 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் ஆறு ஆறு மில்லிமீட்டரை மடித்துத் தைத்தால் 38 மிஞ்சும். ஓரம் விட்டால் சுமார் 34. எழுத்து 3 மில்லிமீட்டர் உயரமாவது இருந்தால்தான் படிக்க முடியும். அந்த உயரத்தில் ஒரு ரோமன் பெரிய எழுத்து, இடைவெளியையும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ளும். ஆக 13 எழுத்துகள்.

இது கழுத்துப் பட்டையில் தைக்கும் லேபிளுக்கான கணக்கு. சேலை ரவிக்கைக்கு முதுகுக் கழுத்து ஆழமாக வெட்டப்படுவதால் லேபிள் தைக்க அங்கே இடம் இருக்காது. அதனால் லேபிளை இரண்டாக மடித்துப் பக்கத் தையலுக்குள் செருகித் தைப்பார்கள். அப்போது ஒரு பக்கம் தெரிவது 25 மில்லிமீட்டர்தான். தையலுக்குள் போவது ஆறு. ஓரமும் விட்டால் 17 மில்லிமீட்டர், அதாவது ஆறு அல்லது ஏழு எழுத்துகள். ரவிக்கை தைக்கும் கடையின் பெயருக்கு இதுதான் உண்மையான எல்லை.

தமிழ் எழுத்தில் லேபிள் போட விரும்புகிறவர்கள் புள்ளியைக் கவனிக்க வேண்டும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வருவதால், 3 மில்லிமீட்டர் உயரத்தில் எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. நெசவில் புள்ளி என்பது ஓரிரு நூல் முடிச்சு. துவைக்கத் துவைக்க மங்கிவிடும். 'பட்டு' என்று போட்டது 'படடு' ஆகிவிடும். ஆகவே புள்ளி குறைந்த பெயராகத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் லேபிளில் ரோமன் எழுத்தும் பலகையில் தமிழும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒருவர் 'ஸ்ரீ மகாலெட்சுமி லேடிஸ் டெய்லரிங்' என்று பெயர் வைக்க நினைக்கிறார். ரோமன் எழுத்தில் SRI MAHALETCHUMY LADIES TAILORING, இடைவெளிகளோடு 33 இடம். லேபிளில் இதற்கு வழியே இல்லை. பத்தடிப் பலகையில், அதாவது மூன்று மீட்டரில், ஓர் எழுத்துக்கு 9 சென்டிமீட்டர் கிடைக்கும். எழுத்தின் உயரம் 11 சென்டிமீட்டர் வரும். மூன்று மீட்டர் தூரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயரம் என்பது பலகை எழுதுபவர்கள் கொள்ளும் பொதுக் கணக்கு. அதன்படி இந்தப் பலகை 13 மீட்டரில்தான் தெளிவாகத் தெரியும். மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் கார் அந்தத் தூரத்தை ஒரு வினாடிக்குச் சற்று மேல் கடந்துவிடும். மாலை மூடுபனியில் அதுவும் கிடைக்காது.

மாற்றாக 'நிலா' என்று யோசிக்கிறார். நான்கே எழுத்து, புள்ளியும் இல்லை. ஆனால் NILA என்பது மலாயில் அவுரி நீலச் சாயம். ஒரு துளி நீலம் ஒரு பானைப் பாலைக் கெடுக்கும் என்ற பழமொழி மலாய்க்காரர்களுக்குப் பழக்கமானது. துணிக்கடைக்கு அந்த நினைவு பொருந்தாது.

அடுத்து 'மலர்'. MALAR, ஐந்து எழுத்து. மலாயிலும் இது ஒரு சொல். மாறாத, இடையறாத என்று பொருள். பசுமை மாறாக் காட்டை 'ஹுத்தான் மலார் ஹீஜாவ்' என்பார்கள். தமிழில் ஒரே ஒரு புள்ளி. அது மங்கினாலும் 'மலர' என்று படிக்கலாம். பதிவுக்கு BUTIK MALAR என்று கொடுத்தால் 11 இடம். பத்தடிப் பலகையில் 25 சென்டிமீட்டர் உயர எழுத்தில் எழுதினாலும் 2.3 மீட்டர்தான் ஆகும். 30 மீட்டரிலிருந்து படிக்கலாம். ரவிக்கை லேபிளில் MALAR மட்டும் போதும்.

மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்-இல் தனிநபர் வணிகத்தைச் சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் பதிய 60 ரிங்கிட். முப்பது ரிங்கிட் மிச்சம் என்று சொந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அடையாள அட்டையில் உள்ளபடி தந்தை பெயரோடு முழுப் பெயரும் வரும். அது எந்த லேபிளிலும் அடங்காது. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பில் புத்தகத்தில்தான் பதிவுப் பெயர் எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். லெட்சுமி என்பதற்கு நம் நாட்டில் நான்கைந்து ரோமன் எழுத்துக்கூட்டல்கள் புழங்குகின்றன. பதிவில் ஒன்று, பில்லில் இன்னொன்று, வங்கிக் கணக்கில் மூன்றாவது என்றானால், பணம் அனுப்பும் வாடிக்கையாளர் திரையில் வரும் பெயரைப் பார்த்துத் தயங்குவார். 12 இலக்கப் பதிவு எண்ணுக்கும் முகவரிக்கும் தொலைபேசி எண்ணுக்கும் உரிய இடம் பில்தான். அவற்றை லேபிளில் திணிக்க வேண்டாம்.

பலகைக்குக் கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் விளம்பர உரிமம் வேண்டும். பலகையில் தேசிய மொழி முதன்மையாகவும் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ் சிறிய எழுத்தில் உடன் வரலாம். வாசகம் சரியான மலாயில் இருக்கிறதா என்று டேவான் பஹாசா டான் புஸ்தாகா பார்த்து உறுதி செய்து தரும். மலாயில் 'பூத்திக்' முன்னே வந்து பெயர் பின்னே வரும். அதனால்தான் மேலே BUTIK MALAR என்ற வரிசை. அதன் கீழே 'மலர் தையலகம்' என்று எழுதலாம்.

எஸ்எஸ்எம் பதிவு அந்தப் பெயரை உங்களுக்கு மட்டும் உரியதாக்கிவிடாது. அந்த உரிமை வேண்டுமானால் அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபோவில் வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும். அளவெடுத்துத் தைக்கும் சேவை 40-ஆம் வகுப்பிலும், ஆயத்த உடை 25-ஆம் வகுப்பிலும் வரும். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். 'மலர்' போன்ற பொதுச் சொல்லை வேறொருவர் முன்பே பதிந்திருக்கக்கூடும். தேடிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

செலவு வீணாவது பெரும்பாலும் வரிசை மாறும்போதுதான். பெயர் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே ஆயிரம் லேபிள் நெய்யக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் 17 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளை நாடாவை வெட்டிப் பெயரை எழுதி, கை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். பிறகு எஸ்எஸ்எம், அடுத்து வங்கிக் கணக்கு, பின்னர் பலகை உரிமம். பில்லும் லேபிளும் அச்சுக்குப் போவது கடைசியில்.