மூலைக்குப் போன ராணி: ஒரு சதுரங்கத் தந்திரத்தின் பயணம்

சதுரங்கம் நம் நாட்டிலிருந்து பாரசீகத்துக்கும் அரபு நாடுகளுக்கும் போய், அங்கிருந்து ஸ்பெயினுக்குப் போன காலம் வரை, ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற காய்க்குப் பெரிய பலம் கிடையாது. குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகரும், அவ்வளவுதான். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் காய் ராணியாகிப் பலகை முழுவதும் ஓடத் தொடங்கியது. இந்தக் கட்டுரை சொல்லும் தந்திரம் பிறந்ததும் அப்போதுதான். நெடுந்தூரம் ஓடிவந்து எதிரியின் மூலையில் தன்னையே பலிகொடுக்க ஒரு ராணி வேண்டுமே!

1497-ல் லூசெனா என்ற ஸ்பானியர் சாலமங்காவில் ஒரு சதுரங்கப் புத்தகம் அச்சிட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் அச்சிட்ட சதுரங்கப் புத்தகங்களில் அதுதான் பழையது. அதில் இந்தத் தந்திரம் இருக்கிறது. கறுப்பு ராஜா h8 மூலையில் நிற்கிறது. முன்னால் g7-லும் h7-லும் அதன் சொந்தச் சிப்பாய்கள். வெள்ளைக் குதிரை h6-ல். வெள்ளை ராணி நேராக g8-க்குப் போய் செக் வைக்கிறது. ராணியை ராஜா வெட்ட முடியாது, குதிரை அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்பு யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் யானை g8-ல் உட்கார்ந்துவிடுகிறது. குதிரை f7-க்குத் தாவுகிறது. ராஜா ஓடக்கூடிய ஒரே கட்டம் g8. அங்கே அதன் யானையே நிற்கிறது. செக்மேட்.

இங்கே யானை எந்தக் காவலையும் விட்டு வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். f7-ஐ அது முன்பும் காக்கவில்லை. அதை g8-க்கு இழுத்தது அந்தக் கட்டத்தை அடைக்க மட்டுமே. எதிரியின் காயை அதற்கே கெடுதலான ஒரு கட்டத்துக்கு வரவழைப்பது இது. சாலமங்காவில் நம் தந்திரத்துக்கு இந்த ஒரு பாதிதான் இருந்தது.

மறு பாதியைத் தெளிவாகப் பார்க்க 1907-க்கு வர வேண்டும். அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த லோட்ஸ் நகரம். வெள்ளைக் காய்களில் ரோட்லெவி, கறுப்பில் அகிபா ருபின்ஸ்டீன். ருபின்ஸ்டீனின் இரண்டு பிஷப்புகளும் b7-லும் b6-லும் நின்று வெள்ளை ராஜாவின் மூலையைக் குறிவைத்திருந்தன. b7 பிஷப்பின் பாதையை மறித்து e4-ல் ஒரு வெள்ளை பிஷப் நின்றது. வெள்ளை ராணி e2-ல் நின்று அந்த பிஷப்பைக் காத்தது. ருபின்ஸ்டீன் தன் ராணியை வெட்டக் கொடுத்துவிட்டு, 23-வது நகர்வில் ஒரு யானையை d2-ல், வெள்ளை ராணியின் பக்கத்திலேயே, கொண்டுபோய் வைத்தார். அந்த யானைக்கு அங்கே எந்தத் துணையும் இல்லை. ரோட்லெவி அதை ராணியால் வெட்டினார். ராணி e2-ஐ விட்டு நகர்ந்ததும் e4 பிஷப்புக்குக் காவல் போனது. b7 பிஷப் அதை வெட்டி செக் வைத்தது. இரண்டே நகர்வில் ரோட்லெவி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

லூசெனாவின் யானை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் அங்கே முக்கியம். ரோட்லெவியின் ராணி எங்கிருந்து கிளம்பியது என்பதுதான் இங்கே முக்கியம். d2-க்குப் போனதால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை, e2-ஐ விட்டதுதான் கெடுதல். காவல்காரனைக் காவலிலிருந்து கிளப்புவது இது. சதுரங்கப் பயிற்சியில் இவ்விரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் பலகையில் எதைத் தேடுவது என்று தெரியும். முதலாவதற்கு, எதிரி ராஜாவைச் சுற்றி எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு, எந்தக் காய் தனியாளாக ஒரு கட்டத்தைக் காக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு பாதிகளும் ஒரே நகர்வில் சேர்ந்தது ஒரு தமிழரின் ஆட்டத்தில். 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்தவர் விஸ்வநாதன் ஆனந்த். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப்பில் விளையாடி வளர்ந்தவர். 2013 ஜனவரியில், உலக சாம்பியனாக இருந்த ஆனந்த், நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ ஊரில் டாடா ஸ்டீல் போட்டியில் ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியனைச் சந்தித்தார். ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள்.

15 நகர்வுகள் முடிந்தபோது ஆனந்தின் பிஷப் c5-ல், சிப்பாயால் வெட்டக்கூடிய இடத்தில் நின்றது. அவருடைய இன்னொரு பிஷப் b7-ல், குதிரை g4-ல். ருபின்ஸ்டீனின் ஆட்டத்தை அறிந்த எவருக்கும் இந்த அமைப்பைப் பார்த்ததும் அது நினைவுக்கு வரும். ஆரோனியன் தன் பிஷப்பை e2-க்கு இழுத்து g4 குதிரையைத் தாக்கினார். ஆனந்த் அந்தக் குதிரையைக் காப்பாற்றவில்லை. d7-ல் இருந்த மற்றக் குதிரையைத் தூக்கி e5-ல், ஒரு வெள்ளைச் சிப்பாயின் வாயில், வைத்தார்.

அந்தக் குதிரை நகர்ந்ததால் d வரிசை திறந்தது. d8-ல் நின்ற கறுப்பு ராணிக்கு d4 சிப்பாய் தெரியத் தொடங்கியது. d4 சிப்பாய் e5 குதிரையை வெட்ட முடியாது. அது விலகினால் c5 பிஷப் நேராக g1 ராஜாவுக்கு செக். f4 சிப்பாய் வெட்டலாம். வெட்டினால் கறுப்பு ராணி d4 சிப்பாயை எடுத்து செக் வைக்கும், ராஜா h1 மூலைக்குப் போகும். அப்போது ராணி g1-ல் போய் விழும்.

கருவேப்பிலங்குறிச்சியில் நான் பிள்ளைகளுக்கு இந்த நிலையை வைத்துக் காட்டியபோது ஒரு சிறுமி உடனே கேட்டாள்: "சார், ராணிய ராஜாவே வெட்டிடலாம்ல? எதுக்கு யானை வரணும்?" சரியான கேள்வி. தந்திரத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ராணி d4-ஐ விட்டு நகர்ந்ததும் c5 பிஷப்பின் பாதை d4, e3, f2 வழியாக g1 வரை திறந்துவிடுகிறது. ராணிக்கு பிஷப் துணை, அதனால் ராஜா தொட முடியாது. f1 யானை வெட்டியே தீர வேண்டும். வெட்டியதும் g4 குதிரை f2-க்கு வந்து செக்மேட்.

லூசெனாவிடம் ஒரே குதிரை ராணிக்குத் துணை நின்று, முடிவையும் கொடுத்தது. இங்கே அந்த இரண்டு வேலைகளும் பிஷப்புக்கும் குதிரைக்கும் பிரிந்திருக்கின்றன. அதைவிட முக்கியமானது யானைக்கு நேர்வது. f1-ல் நின்றவரை அது f2-ஐக் காத்தது. g1-க்குப் போனதும் அந்தக் காவல் போயிற்று. அது ருபின்ஸ்டீனின் பாதி. குதிரை f2-ல் உட்காரும்போது c5 பிஷப்பின் பாதையை அதுவே மறித்துவிடுகிறது. ஆகவே g1 காலியாக இருந்தால் ராஜா தப்பிவிடும். யானை அங்கே அடைத்து நிற்பதால் தப்ப முடியவில்லை. அது லூசெனாவின் பாதி. காவலை விட்டதும் வழியை அடைத்ததும் யானையின் ஒரே நகர்வில் நடக்கின்றன.

இது எப்போது பலிக்காது என்பதையும் பலகையில் பார்த்துவிடலாம். வெள்ளைக்கு h1-ல் ராஜா, f1-ல் யானை, g2-லும் h2-லும் சிப்பாய். கறுப்புக்கு d4-ல் ராணி, g4-ல் குதிரை, c5-ல் பிஷப், எங்காவது ஓரத்தில் ராஜா. இப்படி வைத்தால் தந்திரம் பலிக்கும். பிஷப்பை எடுத்துவிட்டால் அந்தச் சிறுமி சொன்னது போல ராஜாவே ராணியை வெட்டிவிடும். பிஷப்பைத் திரும்ப வைத்து, வெள்ளைக்கு c2-ல் ஒரு ராணியைச் சேர்த்தால், கடைசியில் குதிரை f2-க்கு வரும்போது அந்த ராணி வெட்டிவிடும். f2-க்கு இரண்டு காவல்கள் இருந்தால் ஒன்றைக் கிளப்பிப் பயனில்லை.

ஆரோனியனின் ராணி உண்மையிலேயே c2-ல்தான் இருந்தது! அது ஏன் உதவவில்லை? c2-க்கும் f2-க்கும் நடுவே e2-ல் அவருடைய பிஷப் நின்றது. g4 குதிரையைத் தாக்கப் போன அதே நகர்வு ராணியின் காவலை மறைத்துவிட்டது. இந்த ஆட்டத்தில் நான் மிகவும் வியப்பது இதைத்தான். ஆனந்த் e5-ல் குதிரையை வைக்கும்போது, யானை ஒன்றுதான் f2-க்கு மிச்சம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆரோனியனும் பெரிய ஆட்டக்காரர். அவர் e5 குதிரையைத் தொடவில்லை. முடிவைக் கொடுக்கவிருந்த g4 குதிரையை பிஷப்பால் வெட்டிவிட்டார். ஆகவே ராணி g1-க்குப் போகும் காட்சி பலகையில் நடக்கவே இல்லை. ஆனாலும் அதன் மிரட்டல் வேலை செய்துவிட்டது. ஆனந்தின் பிஷப் d4 சிப்பாயை வெட்டி செக் வைத்தது, e5 குதிரை g4-க்கு வந்து வெள்ளை பிஷப்பை வெட்டியது, தாக்குதல் குறையவில்லை.

கடைசி நகர்விலும் அதே குணம்தான். கறுப்பு ராணி h5-லிருந்து h3 சிப்பாயைக் குறிவைத்தபோது, ஆரோனியன் தன் ராணியை d3-க்குக் கொண்டுவந்து மூன்றாம் வரிசை வழியாக h3-ஐக் காத்தார். ஆனந்த் தன் பிஷப்பை e3-ல், அந்த வரிசையின் நடுவில், வைத்தார். c1 பிஷப் அதை வெட்டினால் அதுவே e3-ல் நின்று தன் ராணியின் பார்வையை மறைக்கும். ராணி வெட்டினால் g4 குதிரை ராணியை எடுத்துக்கொள்ளும். ஆரோனியன் 23-வது நகர்வில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

தந்திரத்தின் பயணம் அத்தோடு நிற்கவில்லை. 2016 நவம்பர் 30 அன்று நியூயார்க்கில் உலகப் பட்டத்துக்கான விரைவு ஆட்டத்தில், கார்ல்சன் கர்யாகினுக்கு எதிராகத் தன் ராணியை h6-ல் வைத்து செக் கொடுத்தார். ராஜா வெட்டினால் h8-ல் யானை வந்து மேட். சிப்பாய் வெட்டினால் f7-ல் மற்ற யானை வந்து மேட். முதல் வழியில் ராஜா கெட்ட கட்டத்துக்கு இழுக்கப்படுகிறது, இரண்டாவதில் g7 சிப்பாய் தன் இடத்தை விட்டு விலகுகிறது.

ஆனந்தின் ஆட்டத்தைக் கணினித் திரையில் ஓடவிட்டுப் பார்க்காமல், பலகையில் காய்களை அடுக்கி 16-வது நகர்வு வரை ஆடிப் பாருங்கள். அங்கே நிறுத்தி, `17.fxe5 Qxd4+ 18.Kh1 Qg1+ 19.Rxg1 Nf2#` என்ற நடக்காத வழியை உங்கள் கையால் நகர்த்துங்கள். பிறகு e2-ல் இருக்கும் வெள்ளை பிஷப்பை எடுத்துவிட்டு அதையே மறுபடி செய்து பாருங்கள்.