பெண் இசையமைப்பாளர்கள் (மேற்கத்திய இசை வரலாற்றெழுத்து)

ஐரோப்பியச் செவ்வியல் இசையின் ‘மேதைகள்’ பட்டியலில் பெண்கள் ஏறக்குறைய இல்லை. அவர்கள் எழுதாததல்ல காரணம். பட்டியலைத் தொகுத்தவர்கள் எவற்றைச் சான்றாகக் கொண்டார்கள் என்பதே. 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் அச்சான இசைப்படிகளையும் பொது அரங்கேற்றங்களையும் அளவுகோலாக்கினர். சிம்பொனியையும் ஓபராவையும் உயர்த்தினர். வீட்டுக்கூடத்தில் ஒலித்த பாடலும் பியானோ இசையும் சில்லறை ஆயின.

ஃபானி ஹென்செல் (1805–1847) இதற்குத் தெளிவான சான்று. ஃபெலிக்ஸ் மெண்டல்சோனின் அக்காளான இவர் 450க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதினார். பெண்ணுக்கு இசை அணிகலன்தான், தொழிலல்ல என்றார் தந்தை. இவருடைய ஆறு பாடல்கள் தம்பியின் பெயரிலேயே அச்சேறின. அவற்றில் ஒன்றை விக்டோரியா அரசி விரும்பிப் பாடியபோது, அது அக்காள் எழுதியது என்று ஃபெலிக்ஸே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தம் பெயரில் இவர் முறையாகப் பதிப்பிக்கத் தொடங்கியது 1846இல். மறு ஆண்டே இறந்தார்.

1828இல் இவர் எழுதிய ‘ஈஸ்டர் சொனாட்டா’வின் கையெழுத்துப்படி 1970இல் பாரிஸில் கிடைத்தது. அதில் ‘எஃப். மெண்டல்சோன்’ என்றிருந்ததால் அது தம்பியுடையது என்று கொண்டனர். ஃபானிக்கும் அதே முதலெழுத்து என்பது யாருக்கும் உறைக்கவில்லை போலும். 1972இல் ஃபெலிக்ஸ் பெயரில் ஒலிப்பதிவும் வந்தது. ஆய்வாளர் ஏஞ்சலா மேஸ் கிறிஸ்டியன் 2010இல் அந்தக் கையெழுத்துப்படியை நேரில் பார்த்தார். அதன் பக்க எண்கள், ஃபானியின் தொகுப்பேட்டில் விடுபட்டிருந்த பக்கங்களோடு பொருந்தின. 2017 மார்ச் 8 அன்று லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் அது ஃபானியின் பெயரிலேயே இசைக்கப்பட்டது.