ஆக்கச் செயற்கை நுண்ணறிவை மேற்கோளிடல்

செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய வாசகத்தைப் பாடப்பணியில் எடுத்தாளும் மாணவர், அதை வெளிப்படையாகக் குறிப்பிடும் முறை. இதற்கான வழிகாட்டலை எம்.எல்.ஏ. அமைப்பு 2023 மார்ச்சிலும், ஏ.பி.ஏ. அடுத்த மாதமும் வெளியிட்டன. ஏ.பி.ஏ. முறையில் கருவியை உருவாக்கிய நிறுவனமே ஆசிரியர். எம்.எல்.ஏ.வில் ஆசிரியர் பெயரே வராது. கேட்ட கேள்வி தலைப்பின் இடத்தைப் பிடிக்கும்.

கண்டாச்சிபுரத்து மாணவி ஒருவர் செஞ்சிக்கோட்டை பற்றி எழுதுவதாகக் கொள்வோம். அவருடைய எம்.எல்.ஏ. குறிப்பு இப்படி அமையும்:

“செஞ்சியைச் சிவாஜி எப்போது கைப்பற்றினார்?” என்ற வினா. சாட்ஜிபிடி, ஜிபிடி-4ஓ மாதிரி, ஓபன்ஏஐ, 12 பிப். 2025, chatgpt.com.

ஒரே கேள்விக்கு நாளை வேறு விடை வரலாம். ஆகவே முழு உரையாடலையும் பின்னிணைப்பாகச் சேர்ப்பது நல்லது. மொழியைத் திருத்த மட்டும் கருவி உதவியிருந்தால், எந்தப் பத்தியில், என்ன செய்தது என்று முறையியல் பகுதியில் ஓரிரு வரிகள் எழுத வேண்டும்.

மேற்கோள் குறிப்பு விடை வந்த வழியைக் காட்டுமே தவிர, அது சரி என்பதற்குச் சான்றாகாது. கருவி விடையாகத் தந்த 1677 என்ற ஆண்டை மாணவி வரலாற்று நூலில் சரிபார்த்து, அந்நூலையே சான்றாகத் தர வேண்டும். கருவி தரும் நூற்பட்டியலில் உண்மையில் இல்லாத நூல்களும் இருக்கலாம். நூலக அட்டவணையில் தேடினால் தெரிந்துவிடும்.