ஜேசிபி வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா? வரி போக மிஞ்சும் கணக்கு என்ன சொல்கிறது?

கழக்கூட்டத்தில் தொடங்கும் தேசிய நெடுஞ்சாலை 66-இன் பைபாஸ், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரோட்டில் முடிகிறது. அங்கிருந்து களியக்காவிளை கூப்பிடு தூரம்தான். நீங்கள் அந்தப் பக்கம் சிறிய அளவில் கான்ட்ராக்ட் எடுக்கும் சிவில் இன்ஜினியர் என்று வைத்துக்கொள்வோம். மண் வேலைக்கு ஒரு பேக்ஹோ லோடர், அதாவது நாம் எல்லாரும் ஜேசிபி என்று சொல்லும் மெஷின், தேவைப்படுகிறது.

உங்கள் முன் இரண்டு வழிகள். கடன் வாங்கி மெஷினைச் சொந்தமாக்கினால் இஎம்ஐ மாதம் சுமார் 63,700 ரூபாய். லீஸுக்கு எடுத்தால் வாடகை மாதம் 55,000 ரூபாய். லீஸ் கம்பெனிக்காரர் இன்னொன்றும் சொல்வார்: "சார், வாடகை முழுசும் செலவுல காட்டலாம், வரியே பாதி மிச்சம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இஎம்ஐயையும் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே தப்பு. இஎம்ஐ கட்டி முடித்தால் கையில் ஒரு மெஷின் இருக்கும். வாடகை கட்டி முடித்தால் ரசீதுகள்தான் இருக்கும்.

எதை வைத்து ஒப்பிடணும்?

உதாரணத்துக்கு எண்களை எடுத்துக்கொள்வோம். மெஷின் விலை 30 லட்சம். ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துவிடுகிறீர்கள், அதனால் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம். கடன் வட்டி 10%, காலம் 5 வருடம். உங்கள் வருமான வரி விகிதம் 30% (செஸ்ஸைச் சேர்க்கவில்லை). 5 வருடம் கழித்துப் பழைய மெஷினை 12 லட்சத்துக்கு விற்கலாம் என்று ஓர் ஊகம்.

முதலில் வட்டி. 100 ரூபாய் வட்டி கட்டினால் அது செலவாகக் கழிந்து, வரியில் 30 ரூபாய் மிச்சமாகிறது. ஆகவே கடனின் உண்மையான வட்டி 10% அல்ல, 7%. வருங்காலத்தில் வரும், போகும் பணத்தை எல்லாம் இந்த 7% கொண்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருகிறோம். 5 வருடம் கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 71 ரூபாய்.

இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். 7% என்று எடுத்த நிமிடமே வட்டியின் வரிச் சலுகை கணக்கில் வந்துவிட்டது. அதற்கு மேல் வட்டிக்கான வரி மிச்சத்தைத் தனி வரியாகச் சேர்த்தால் ஒரே சலுகையை இரண்டு தடவை எண்ணியதாகும். இஎம்ஐகள் எல்லாவற்றின் இன்றைய மதிப்பு, வரிச் சலுகை போக, மெஷின் விலையான 30 லட்சம்தான்.

வாங்கினால்

இயந்திரங்களுக்கு வருமான வரியில் பொதுவான தேய்மானம் 15%. அதுவும் ஒவ்வொரு வருடமும் மிச்சமிருக்கும் மதிப்பின் மேல். முதல் வருடம் 4.5 லட்சம், அடுத்த வருடம் 25.5 லட்சத்தில் 15%, அதாவது 3.83 லட்சம். இப்படியே குறைந்து 5-வது வருடம் 2.35 லட்சம். இவற்றில் 30% வரியாக மிச்சமாகிறது. முதல் வருடம் 1.35 லட்சம், கடைசி வருடம் 70,000 சொச்சம். ஐந்து வருட மிச்சத்தின் இன்றைய மதிப்பு 4.20 லட்சம். விற்பனையில் வரும் 12 லட்சத்தின் இன்றைய மதிப்பு 8.56 லட்சம்.

30 லட்சத்தில் இந்த இரண்டையும் கழித்தால், வாங்குவதன் உண்மையான செலவு 17.24 லட்சம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. மெஷினை அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் முதல் வருடத் தேய்மானம் பாதிதான். நவம்பரில் வாங்கினால் 4.5 லட்சத்துக்குப் பதில் 2.25 லட்சம்.

லீஸ் எடுத்தால்

மாதம் 55,000 என்றால் வருடத்துக்கு 6.6 லட்சம். முழுவதும் செலவாகக் கழிந்து, வரி போக உங்கள் கைவிட்டுப் போவது 4.62 லட்சம். ஐந்து வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 18.94 லட்சம். வாடகையை வருடக் கடைசியில் கட்டுவதாக வைத்துப் போட்ட கணக்கு இது. மாதாமாதம் முன்கூட்டியே கட்டினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

மாதம் 8,700 ரூபாய் குறைவாகத் தெரிந்த லீஸ், கடைசியில் சுமார் 1.70 லட்சம் அதிகம். இந்த எண்களின்படி வாடகை மாதம் 50,000 அளவில் இருந்தால்தான் இரண்டும் சமம்.

வரிதான் முடிவு செய்கிறதா?

இதுதான் பலருக்கும் ஆச்சரியம். உங்களுக்கு வரியே இல்லை என்று வைத்து, 10% கொண்டு அதே கணக்கைப் போட்டால் சமமாகும் வாடகை சுமார் 49,600. கிட்டத்தட்ட அதே எண்! காரணம், வரி இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் உதவுகிறது. லீஸில் வாடகை கழிகிறது என்றால், வாங்கும்போது வட்டியும் தேய்மானமும் கழிகின்றன. "வாடகை முழுசும் செலவு" என்பது பொய்யில்லை, பாதி உண்மை.

நீங்கள் வரவில் 6% அல்லது 8% லாபம் என்று காட்டி அனுமான முறையில் வரி கட்டுபவரா? அப்படியானால் வாடகை, வட்டி, தேய்மானம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. வரிச் சலுகைப் பேச்சையே மறந்துவிடலாம்.

முடிவை உண்மையில் புரட்டிப் போடுவது பழைய மெஷினின் விலை. 12 லட்சத்துக்குப் பதில் 9.6 லட்சம்தான் கிடைக்கும் என்றால் இரண்டும் சமம். 8 லட்சம் என்றால் லீஸ் ஜெயிக்கிறது. ஒரு பெரிய சாலை வேலை முடிந்து சுற்றுவட்டாரத்தில் பல மெஷின்கள் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வந்தால் விலை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லீஸில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணம், அந்த ஆபத்தை இன்னொருவர் தலையில் வைப்பதற்கான கூலி. அதனால் ஷோரூமுக்குப் போகும் முன், 5 வருடம் ஓடிய அதே மாடல் இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று பழைய மெஷின் வியாபாரிகளிடம் விசாரியுங்கள்.

அடிமாட்டு விலைக்கு விற்றால் நஷ்டத்தை வரியில் கழிக்கலாமே என்று நம்பவும் வேண்டாம். அந்த வகைச் சொத்தில் உங்களிடம் இருந்தது அந்த ஒரு மெஷின் மட்டும் என்றால், எழுதாமல் மிஞ்சிய மதிப்பு குறுகிய கால மூலதன நஷ்டமாகிவிடும். அதைத் தொழில் வருமானத்தில் கழிக்க முடியாது.

ஒப்பந்தத்தில் எதைப் பார்க்கணும்?

லீஸில் தேய்மானம் மெஷினின் உரிமையாளருக்கு, அதாவது லீஸ் கம்பெனிக்கு. ஐசிடிஎஸ் நிறுவன வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் கடைசித் தவணையோடு ஒரு சொற்பத் தொகை கட்டினால் மெஷின் உங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் இருந்தால், பெயர் லீஸ் என்றாலும் அது தவணைமுறைக் கொள்முதலாகப் பார்க்கப்படலாம். அப்போது வாடகை முழுவதையும் செலவாகக் காட்ட முடியாது, தேய்மானமும் வட்டிப் பகுதியும்தான். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

ஜிஎஸ்டியில் லீஸுக்கு ஓர் அனுகூலம் உண்டு. வாங்கினால் 18% வரியான 5.4 லட்சத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு, உங்கள் பில்களில் வரும் வரியில் மெல்ல மெல்லக் கழிக்க வேண்டும். லீஸில் மாதம் 9,900 மட்டும். லீஸ் கம்பெனி நாகர்கோவிலிலும் உங்கள் ஜிஎஸ்டி பதிவு கேரளத்திலும் என்றால் பில்லில் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி வரும், பதறவேண்டாம், அதையும் அதேபோல் திரும்ப எடுக்கலாம்.