வந்துட்டே இருக்கேன்: பிரட்டுக்களத்திலிருந்து ஒரு மெசேஜ்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை 9.30க்கு பதுளையில் எங்களுக்கு ஒரு கூட்டம். 9.10க்கு நான் இன்னும் ஹாலிஎல டவுனில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அப்போதே தெரியும், நேரத்துக்குப் போக மாட்டேன் என்று. ஆனாலும் 9.42க்குத்தான் மெசேஜ் போட்டேன்: "சொரி அண்ணா, வந்துட்டே இருக்கேன், பஸ்ஸே இல்ல, மழை வேற, காலைல அம்மாவுக்கும் ஏலாம போச்சு." நான் போய்ச் சேர்ந்தது 10.20க்கு.

அந்த மெசேஜைப் பிறகு திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் காரணம் மூன்று இருக்கிறது. நான் எங்கே நிற்கிறேன், எத்தனை மணிக்கு வருவேன் என்பது மட்டும் இல்லை. காத்திருந்த ஆட்களுக்குத் தேவைப்பட்டது அந்த இரண்டும்தான். என் போனில் பழைய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். நான் போட்டதும் அப்படித்தான், கூட்டாளிகள் எனக்குப் போட்டதும் அப்படித்தான். தாமதம் என்றதும் நமக்குக் காரணம்தான் முதலில் வாயில் வருகிறது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்?

என் அம்மாயி கொழுந்து எடுத்தவர். விடியும் முன்னே லயத்துக்குக் கேட்கிற மாதிரி தப்பு அடிப்பார்களாம். (தப்பு என்றால் மேளம், தப்பு என்றால் குற்றம். தோட்டத்தில் இரண்டும் ஒரே நேரத்தில்தான் தொடங்கியது போல.) எழும்பி, தண்ணி தூக்கி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு, பிரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே கணக்கப்பிள்ளை பேர் போடுவார். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பிந்திப் போனால் அரைப்பேர், இல்லாவிட்டால் "வீட்டுக்குப் போ" என்று வெரட்டிவிடுவது. முன்கூட்டியே தகவல் சொல்ல வழியே கிடையாது. யாரிடம் சொல்லி அனுப்புவது? எல்லாரும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறார்கள். ஆகவே மன்னிப்பு எப்போதும் பிந்திப் போன பிறகு, நேரில், கையைக் கட்டிக்கொண்டு. அப்போது கேட்கிற ஒரே கேள்வி "ஏன் லேட்டு?" நல்ல காரணம் இருந்தால் முழுப்பேர் கிடைத்தாலும் கிடைக்கும். "அந்தக் காரணத்தை யோசிச்சுக்கிட்டேதான் ஏறுவோம்" என்று அம்மாயி சொல்வார்.

இது ஏதோ ஒரு கணக்கப்பிள்ளையின் குணம் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, நியாயமான காரணம் இல்லாமல் குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்துக்கு வேலைக்கு வராத தொழிலாளிக்குச் சிறைத் தண்டனை கொடுக்கலாம். சம்பளம் நிற்கிறது வேறு, மறியலுக்குப் போகிறது வேறு. 1920களின் தொடக்கத்தில்தான் இந்தத் தண்டனைப் பிரிவுகள் தோட்டத் தொழிலாளர் மேலிருந்து எடுக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு ஆளைக் காப்பாற்றக்கூடியது "நியாயமான காரணம்" என்ற அந்த ஒன்றுதான். நாம் இன்றைக்கும் காரணத்தை மூன்றாக அடுக்குவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதே ஹாலிஎலயில் தாமதத்தைச் சொல்ல இன்னொரு முறையும் இருந்தது. 1924இல் பதுளை வரைக்கும் ரயில் வந்தது. ஒற்றைப் பாதை. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம், அதற்கு அடையாளமாக டிரைவர் கையில் ஒரு டேப்லட் இருக்க வேண்டும். எதிரே வருகிற ரயில் பிந்தினால் இந்தப் பக்கத்து ரயிலை எங்கே நிறுத்தி வைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். அதனால் ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்ல வேண்டியது, ரயில் இப்போது எங்கே, எத்தனை நிமிடம் பிந்துகிறது என்பதைத்தான். மண் சரிந்ததா, எஞ்சின் கோளாறா என்பதெல்லாம் பிறகு அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். அங்கே தகவல் போவது மன்னிப்புக்காக இல்லை, மற்றவர் முடிவெடுப்பதற்காக.

மேலே பிரட்டு, கீழே ஸ்டேஷன். நமக்குப் பழகியது மேலே உள்ளதுதான்.

போன் வந்த பிறகாவது மாறியிருக்கலாம். ஆனால் குறுஞ்செய்தியில் ஒரு சிக்கல் இருந்தது. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் அடித்தால் 70 மட்டும். புள்ளியும் விசிறியும் தனித்தனி இடமாக எண்ணப்படும். "மன்னிக்கவும்" என்ற ஒரு சொல்லுக்கே 12 போய்விடும். "மன்னிக்கவும் அண்ணா, பஸ் இன்னும் வரவில்லை, வரத் தாமதமாகும்" என்று அடித்தால் 57 முடிந்தது. எங்கே நிற்கிறேன், எப்போது வருவேன் என்று சொல்ல மிச்சம் 13. ரெண்டாவது செய்திக்குக் காசு. அதனால்தான் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கப் பழகினோம், மன்னிக்கவும் "சொரி" ஆனது. இப்போது வாட்ஸ்அப்பில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த இடத்தையும் காரணத்தால் நிரப்புகிறோம்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கூட்டம் எதற்கு என்றால், லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதம் பிந்திக் கிடைத்தவர்களின் விபரம் சேர்ப்பதற்கு. நம்மில் நிறையப் பேருக்குத் தெரியும்: எல்லாருக்கும் தோட்டத்தின் பேர்தான் முகவரி, தபால் தோட்ட ஆபீசுக்கோ கடைக்கோ போகும், அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால்தான் உண்டு. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்குக் கிடைத்த கதை எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாவது இருக்கும். படிவங்கள் என் பையில் இருந்தன. ஒரு அக்கா தன் மகனுக்கு வந்த கடிதத்தோடு அன்றைக்கு அரைப்பேரை விட்டுவிட்டு வந்திருந்தார். பத்து மணி வரைக்கும் இருந்திருக்கிறார். நான் "வந்துட்டே இருக்கேன்" என்று போட்டதால் அண்ணா "இந்தா வந்துருவான்" என்று சொல்லி அவரை உட்கார வைத்திருக்கிறார். பகல் கொழுந்துக்காவது போய்ச் சேரணும் என்று எழும்பிப் போய்விட்டார். உண்மையில் என் மெசேஜ் இல்லாமலிருந்தால் அவர் இன்னும் முந்தியே போயிருப்பார், இல்லாவிட்டால் அண்ணா ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதி எடுத்திருப்பார்.

9.10க்கு நான் போட்டிருக்க வேண்டியது இதுதான்: "இன்னும் ஹாலிஎல டவுன்லதான் நிக்கிறேன். பத்துக்கு முந்தி வர ஏலாது. ஃபோர்ம் என்கிட்ட இருக்கு. எனக்காகப் பாக்காம தொடங்குங்க, வந்தவங்களோட கடிதத்த போட்டோ எடுத்து வச்சிக்கங்க. சொரி." மழையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் தேவையில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவின் லயத்துக்கு நானே போனேன். சொரி சொன்னேன். "பரவாயில்ல தம்பி, பஸ்ஸு அப்படித்தானே" என்று எனக்கான காரணத்தையும் அவரே சொல்லி, தேத்தண்ணி ஊத்தித் தந்தார். கடிதத்தைப் பார்த்தேன். உறையில் தபால் முத்திரை 5ஆம் தேதி, நேர்முகம் 14ஆம் தேதி, மகன் கைக்குக் கிடைத்தது 17ஆம் தேதி. அவன் உடனே அந்த அலுவலகத்துக்குப் பதில் எழுதியிருக்கிறான். அதன் பிரதியையும் அக்கா பத்திரமாக வைத்திருந்தார். முதல் வரி, "சமூகமளிக்கத் தவறியமைக்கு மனம் வருந்துகிறேன்." அதற்குக் கீழே ஒரு பக்கம் முழுக்கக் காரணம். பதில் எதுவும் வரவில்லை.