முழங்கைக் கொழுப்புத் திண்டு அடையாளம்

விழுந்து கையை ஊன்றிய பிள்ளையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில், எலும்பில் விரிசல் எதுவும் தெரியாதபோதும் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் குறி இது. பின்பக்கத் திண்டு தெரிவதை நோரெல் 1954இல் விவரித்தார்.

முழங்கை மூட்டின் உறைக்குள், மேற்கை எலும்பின் கீழ்முனையில் முன்னும் பின்னுமாகக் கொழுப்புத் திண்டுகள் உள்ளன. கொழுப்பு எக்ஸ்ரேயில் சுற்றியுள்ள தசையை விடக் கறுப்பாக விழும். கையை 90 பாகை மடக்கி எடுத்த சரியான படத்தில் முன்திண்டு எலும்பையொட்டி மெல்லிய கோடாகத் தெரியலாம். பின்திண்டு ஆழமான பள்ளத்தில் கிடப்பதால் தெரியவே கூடாது. உறைக்குள் இரத்தம் நிறைந்தால் இரண்டும் வெளியே தள்ளப்படும். முன்திண்டு கப்பற்பாய் விரித்தாற்போல் முக்கோணமாக எழும்பும். எலும்பின் பின்னே ஒரு கறுப்புக் கீற்று தோன்றும். இரண்டில் நம்பத்தக்கது அந்தப் பின்கீற்றுத்தான்.

ஓட்டமாவடியில் கொய்யா மரத்திலிருந்து விழுந்த ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கை மடங்கியபடியே இருக்கிறது, நீட்ட விடுவதில்லை. வாழைச்சேனை ஆதார வைத்தியசாலையில் எடுத்த படத்தில் முறிவுக் கோடு இல்லை, பின்கீற்று இருக்கிறது. 'எலும்புக்கு ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பும் தவறு நிகழக்கூடிய இடம் இதுவே. முதலில் மணிக்கட்டு நாடியையும் விரல்களின் அசைவையும் உணர்ச்சியையும் பார்ப்பார்கள். பிறகு மேற்கை எலும்பின் முன்விளிம்பை ஒட்டிக் கீழ்நோக்கி ஒரு கோடு இழுப்பார்கள். அது கீழ்முனையிலுள்ள உருண்டை எலும்புக்கருவின் நடு மூன்றிலொரு பங்கினூடே சென்றால் எலும்பு விலகவில்லை எனலாம். நான்கு வயதுக்குட்பட்டோரில் கோடு சற்று முன்னே போவதும் இயல்பே. விலகல் இல்லையென்றால் முறிவு இருப்பதாகவே கருதி, மாவுக்கட்டின் அரைப்பட்டையும் தொங்கலும் போட்டு, மீண்டும் வரச் சொல்வார்கள். கோடு விலகியிருந்தாலோ விரல்கள் வெளிறினாலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். இடையில் எண்ணெய் தேய்த்து உருவுவதும் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. வீங்கும் கையில் இறுக்கமான கட்டு இரத்தவோட்டத்தையே நிறுத்திவிடும்.

படத்தில் முறிவு ஏன் மறைகிறது? ஐந்து வயதில் முழங்கையின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்பு; அது எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பான பகுதியிலும், விலகாத மயிரிழை விரிசல் கதிரின் பாதைக்கு நேராக அமைந்தால் மட்டுமே கோடாக விழும். இரண்டு மூன்று வாரங்களில் முறிந்த விளிம்பு கரைந்து அகலும், எலும்புறையின் கீழே புதிய எலும்பு வெள்ளையாகப் படியும். அப்போது எடுக்கும் படம் பேசும். 1999இல் ஸ்காக்ஸும் மிர்சாயனும் பின்திண்டு தெரிந்து முறிவு தெரியாத 45 பிள்ளைகளை இவ்வாறு பின்தொடர்ந்தபோது, 34 பேரிடம் முறிவு இருந்தமைக்கான சான்று கிடைத்தது. அவற்றில் பாதிக்கு மேல் மேற்கை எலும்பின் கீழ்முனையில், முழங்கைக்குச் சற்று மேலே ஏற்பட்டவை.

கை நீட்டியபடி எடுத்த படத்தில் பின்திண்டு இயல்பாகவே பள்ளத்திலிருந்து வெளித்தள்ளப்பட்டுப் பொய்க்குறி காட்டலாம். மூட்டுறை கிழிந்து இரத்தம் வெளியே வழிந்தாலோ, முறிவு உறைக்கு வெளியே இருந்தாலோ குறி தோன்றாது. ஆகவே குறி இல்லாதது முறிவில்லை என்பதற்குச் சான்றாகாது. விழாத பிள்ளையிடம், அதுவும் காய்ச்சலோடு இது தென்பட்டால், மூட்டில் சீழ் பிடித்திருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.